இரவு 2 மணிக்கு ஏன் முழிப்பு வருகிறது? ‘கட்டிங்’ தரும் தூக்கத்தின் கணக்கு

மணி இரவு 2. நந்தனத்தில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது மாடி. அண்ணா சாலையின் இரைச்சல் அடங்கிவிட்டது. எப்போதாவது ஒரு லாரி சிக்னலைத் தாண்டிப் போகும் சத்தம் மட்டும். ஹாலில் விளக்கு எரிகிறது. சோபாவில் செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் வீட்டுக்காரர்.

“ஏங்க, இன்னிக்கும் முழிச்சுக்கிட்டீங்களா?” என்று படுக்கையறையிலிருந்து மனைவியின் குரல் வருகிறது.

“ஆமா. என்னமோ தெரியலை, ரெண்டு மணியானா அலாரம் வெச்ச மாதிரி முழிப்பு வந்துடுது. வயசாச்சுல்ல...”

இந்த உரையாடல் பல வீடுகளில் நடக்கிறது. வயதின் மீதும், ஆபீஸ் டென்ஷனின் மீதும், சில சமயம் கொசுவின் மீதும் பழி விழுகிறது. படுப்பதற்கு முன் ‘தூக்கத்துக்காக’ எடுத்துக்கொண்ட அந்த ஒரு கட்டிங் மட்டும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதாக இருந்துவிடுகிறது. காரணம், அது தூக்கத்தைக் கொடுத்ததைத்தான் அவர் தினமும் கண்கூடாகப் பார்க்கிறார். போட்டார், படுத்தார், பத்து நிமிடத்தில் தூங்கினார். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

குறை அந்தப் பத்து நிமிடத்தில் இல்லை, 2 மணியில் இருக்கிறது.

90 மில்லியின் கணக்கு

இந்த வீட்டுக்காரருக்கு வயது 52, எடை 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டாஸ்மாக் கடையில் வாங்கும் குவார்ட்டர் பாட்டில் 180 மில்லி. அதில் பாதி, அதாவது 90 மில்லிதான் அவருடைய அளவு. பாட்டிலின் லேபிளைப் பார்த்தால் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று போட்டிருக்கும். அப்படியானால் 90 மில்லியில் இருக்கும் சுத்தமான ஆல்கஹாலின் எடை சுமார் 30 கிராம்.

இந்த 30 கிராமைச் சிதைக்கும் வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. அது அவசரப்படாது. சராசரி மனிதருக்கு ஒரு மணி நேரத்துக்கு 7 கிராம் அளவில்தான் அதனால் கரைக்க முடியும். காபி குடித்தாலும், குளித்தாலும், மோர் குடித்தாலும் அந்த வேகம் கூடாது. ஆக, 30 கிராம் கரைய நான்கு மணி நேரத்துக்கும் கொஞ்சம் அதிகமாக ஆகும்.

அவர் இரவு 9.30 மணிக்குக் கிளாஸை எடுக்கிறார். சாப்பிட்டுவிட்டு 10.45-க்குப் படுக்கிறார். ரத்தத்தில் ஆல்கஹால் ஏறக்குறைய தீர்ந்துபோகும் நேரம் எது? சுமார் 2 மணி. அவருக்கு முழிப்பு வருவதும் அப்போதுதான். மருந்தின் வீரியம் தீரும் நேரமும் முழிப்பு வரும் நேரமும் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல.

இது சராசரிக் கணக்கு. ஆளுக்கு ஆள் ஓரிரு மணி நேரம் முன்பின் ஆகலாம். எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் அதே அளவு ரத்தத்தில் இன்னும் அதிகமாக ஏறும். ‘நான் பீர் மட்டும்தான்’ என்பவர்களும் தப்ப முடியாது. 5 சதவீத பீர் ஒரு பெரிய பாட்டில், அதாவது 650 மில்லி குடித்தால் உள்ளே போவது சுமார் 25 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 40 கிராமைத் தாண்டும். ஒரு கட்டிங்கைவிட அதிகம்!

பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும்

மூளையை அமைதிப்படுத்தும் ரசாயனம் ஒன்று உண்டு. பெயர் காபா. அதைப் பிரேக் என்று வைத்துக்கொள்ளலாம். மூளையைச் சுறுசுறுப்பாக்கும் இன்னொன்று குளுட்டமேட். அது ஆக்ஸிலரேட்டர். ஆல்கஹால் உள்ளே போனதும் பிரேக்கை அழுத்துகிறது, ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்துகிறது. கண் சொக்குகிறது.

ஆனால் மூளை சும்மா இருக்காது. ‘யாரோ பிரேக்கை அழுத்துகிறார்களே’ என்று ஈடுகட்டுவதற்காக அது தன் பங்குக்கு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கத் தொடங்கும். ஆல்கஹால் ரத்தத்தில் இருக்கும்வரை இரண்டும் சமன். ஆல்கஹால் கரையக் கரையப் பிரேக்கிலிருந்து கால் எடுபடுகிறது. மிதித்த ஆக்ஸிலரேட்டர் மட்டும் அப்படியே நிற்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, உடம்பு வியர்க்கிறது, கண் திறக்கிறது. படுக்கும்போது இல்லாத ஒரு படபடப்பு 2 மணிக்கு எங்கிருந்து வந்தது என்று புரியாமல், ‘நாளைக்கு இ.எம்.ஐ. கட்டணுமே’ என்ற கவலைதான் எழுப்பியது என்று அவர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் முழிப்பு முதலில் வந்தது, கவலை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

முன்பாதியில் லாபம், பின்பாதியில் நஷ்டம்

நம் தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. ஓர் இரவுக்கு நான்கைந்து சுற்றுகள். முன்பாதியில் ஆழ்ந்த உறக்கம் அதிகம். பின்பாதியில் கனவுத் தூக்கம் அதிகம். கண்மணிகள் இமைக்குள் வேகமாக அசையும் இந்தக் கனவுத் தூக்கத்துக்கும் மனநிலை, நினைவாற்றல் ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டு.

படுப்பதற்கு முன் குடித்தால் முன்பாதியில் ஆழ்ந்த உறக்கம் கொஞ்சம் கூடும். ‘அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்’ என்பது பொய்யில்லை. ஆனால் கனவுத் தூக்கம் தள்ளிப்போகிறது, குறைகிறது. பின்பாதியில் மூளை அதை ஈடுகட்டப் பார்க்கும்போது, படபடப்பு குறுக்கே வருகிறது. மேலோட்டமான தூக்கம், நடுநடுவே முழிப்பு, விநோதமான கனவுகள் என்று இரவு துண்டு துண்டாகிறது. காலையில் கணக்குப் பார்த்தால் படுக்கையில் ஏழு மணி நேரம். ஆனால் எழுந்திருக்கும்போதே களைப்பு.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நதானியேல் கிளெய்ட்மன் என்ற விஞ்ஞானி 1930-களிலேயே தூங்குபவர்கள் கட்டிலில் எத்தனை முறை புரள்கிறார்கள் என்று கருவி வைத்து அளந்தார். குடித்துவிட்டுப் படுத்தவர்கள் இரவின் முன்பாதியில் வழக்கத்தைவிடக் குறைவாகவும், பின்பாதியில் அதிகமாகவும் புரண்டார்கள். பின்னாளில் மூளை அலைகளைப் பதிவு செய்யும் கருவிகள் வந்தபோதும் அதே கதைதான் தெரிந்தது.

எழுப்பிவிட இன்னும் சில ஆட்கள்

சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்குகிறது. அதனால் பாத்ரூம் நடை கூடுகிறது, நாக்கு வறள்கிறது. தொண்டைத் தசைகள் தளர்வதால் குறட்டை ஏறுகிறது. ஏற்கெனவே தூக்கத்தில் மூச்சு தடைபடும் பிரச்னை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இன்னும் நீளமாகும். இது தூங்குபவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். ‘குறட்டை திடீர்னு நின்னு, அப்புறம் மூச்சுத் திணறி எழுந்த மாதிரி இருந்தது’ என்று மனைவி சொன்னால் சிரித்துக் கடந்துவிடாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

கட்டிங் எப்படி குவார்ட்டர் ஆகிறது?

இதில் பெரிய ஆபத்து இனிதான். தொடர்ந்து சில நாள்கள் குடித்தாலே தூங்கவைக்கும் சக்தி மங்கத் தொடங்குகிறது. மூளை பழகிவிடுகிறது. பின்பாதித் தொந்தரவு மட்டும் போவதில்லை. சரியாகத் தூங்காததால் பகலில் களைப்பு, களைப்பைப் போக்கக் காபிக்கு மேல் காபி, அதனால் இரவில் தூக்கம் வராமை, அதற்காகக் கொஞ்சம் கூடுதல் ஊற்றல். ‘90 பத்தலை’ என்று ஒரு நாள் தோன்றும். சிலர் 2 மணிக்கு எழுந்து மீதியையும் போட்டுவிட்டுப் படுப்பார்கள். இறங்கிய பிரேக்கை மறுபடி அழுத்தும் வேலை அது. காலையில் அலுவலகத்துக்கு வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் ஆல்கஹால் இருக்கலாம்.

இதைவிட மோசம், மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய தூக்க மாத்திரையையும் சேர்த்துப் போடுவது. இரண்டும் ஒரே பிரேக்கை அழுத்துபவை. மூச்சே நின்றுபோகலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டு போதும். என்ன குடித்தார், எத்தனை மணிக்கு முடித்தார், எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது, காலையில் உடம்பு எப்படி இருந்தது என்று நான்கே குறிப்புகள். குடிக்காத நாள்களில் 2 மணி முழிப்பு குறைகிறதா என்று பார்க்கலாம். ஸ்மார்ட் வாட்ச் கட்டுபவர்கள் தூக்கத்தில் இதயத் துடிப்பையும் பார்க்கலாம். குடித்த இரவுகளில் பொதுவாக அது கூடுதலாகவே காட்டும்.

எப்போதாவது கல்யாணம், பார்ட்டி என்று குடிப்பவர்கள், 90 மில்லிக்கும் படுக்கைக்கும் இடையே நான்கு மணி நேரமாவது விட்டால் பாதிப்பு குறையும். ஆனால் தூக்கத்துக்காகவே குடிப்பவருக்கு இந்த இடைவெளி பயன்படாது. அவர் நிறுத்துவதுதான் வழி. தினமும் ஒரு கட்டிங் அளவில் இருப்பவர் நிறுத்தினால் முதல் சில இரவுகள் தூக்கம் வரத் தாமதமாகும், கனவுகள் மிரட்டும். ‘பாத்தியா, குடிக்காம தூக்கமே வரலை’ என்று இங்கேதான் பலர் திரும்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் சரியாகும். அதுவரை, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுவது, பகல் தூக்கத்தைத் தவிர்ப்பது, தூக்கம் வராவிட்டால் புரளாமல் எழுந்து வேறு அறையில் உட்கார்ந்து கண் சொக்கியபின் படுப்பது ஆகியவை உதவும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: தினமும் குவார்ட்டர், அதற்கு மேல் என்று குடிப்பவர்கள், குடிக்காவிட்டால் காலையில் கை நடுங்குபவர்கள் சட்டென்று தாங்களாகவே நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். நந்தனத்திலிருந்து தொலைவில்லாத அடையாறு இந்திரா நகரில், 1980-ல் தொடங்கப்பட்ட டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையின் டி.டி.கே. மருத்துவமனை இதற்கான சிகிச்சை தருகிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கிறது. முதலில் பேசிப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால், மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416.

நந்தனம் வீட்டில் மணி மூன்றரை. வீட்டுக்காரர் இன்னும் சோபாவில்தான் இருக்கிறார். இன்னும் சற்று நேரத்தில் பால் பாக்கெட் வந்துவிடும். மனைவி எழுந்து வந்து எதிரே உட்காருகிறார்.

“போன வாரம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தோமே, ரெண்டு நாளும் நீங்க குடிக்கலை. மொத நாள் புரண்டீங்க. ரெண்டாவது நாள் காலைல ஆறு மணிக்கு நான்தான் உங்களை எழுப்பினேன். ஞாபகம் இருக்கா?”

அவர் பதில் சொல்லவில்லை. செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யோசிக்க ஆரம்பித்தார்.