காலை அஞ்சு மணி, எந்த ஊர் அஞ்சு மணி?

ஃபைனல் இயர் முடிக்கும்போது நம்மில் பலர் ஜூனியர்களுக்கு ஒரு ஸ்கிரிப்டையாவது விட்டுட்டுப் போறோம். தினமும் தானா ஓடி டேட்டாவைப் புதுப்பிக்கிற ஸ்கிரிப்ட். "ஓடுது, பார்த்துக்கோ" என்று சொல்லி ஒப்படைத்தால் போதாது என்பது என் கருத்து. கோடு என்ன செய்யுதுன்னு படிச்சா தெரியும். ஏன் அப்படிச் செய்யுதுன்னு தெரியாது.

டி. கல்லுப்பட்டியின் தினசரி மழையளவை ஒரு டேபிளில் சேர்க்கும் ப்ராஜெக்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரானில் இருப்பது இந்த ஒரு வரிதான்:

```
0 5 * * * /home/ubuntu/final2.py
```

காலை 5 மணின்னு தோணும். ஆனால் சர்வர் ஓடுவது யூடிசி நேரத்தில். நமக்கு அது காலை 10:30. நம்ம நாட்டில் ஒரு நாள் மழை என்பது காலை 8:30 மணியோடு முடிகிற 24 மணி நேரக் கணக்கு. அந்த எண் வந்த பிறகு எடுக்கணும்னுதான் 10:30.

இது தெரியாத ஒருவர் சர்வர் நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றினால், ஸ்கிரிப்ட் நிஜமாகவே விடிகாலை 5 மணிக்கு ஓடும். நேற்றைய மழை இன்றைய தேதியில் உட்காரும். எர்ரர் வராது. 34.2 மி.மீ. அடுத்தடுத்து இரண்டு நாள் வந்திருக்கேன்னு யாராவது கவனித்தால்தான் உண்டு.

இப்போ இதைப் பாருங்க:

```
# சர்வர் நேரம் UTC: 05:00 = இந்திய நேரம் 10:30
# 8:30 அளவு வந்த பிறகே ஓட வேண்டும்
0 5 * * * /home/ubuntu/rain/refresh_daily_rain.py
```

கமெண்ட் இரண்டே வரி. "டேட்டாவை எடுக்கிறது" மாதிரி கமெண்ட் வீண். அதைக் கோடே சொல்லும். டேபிளில் `date` என்ற பெயரையும் `rain_24h_ending` என்று மாற்றினால், 3-ஆம் தேதி சாயங்காலம் பெய்த மழை ஏன் 4-ஆம் தேதியில் இருக்குன்னு யாரும் குழம்ப மாட்டாங்க.

மிச்சத்தை அதே ஃபோல்டரில் ஒரு `README.md`-ல் எழுதுங்க. எண் எங்கிருந்து வருது, எந்த டேபிளுக்குப் போகுது, தப்பா ஓடினா எப்படித் தெரியும், மறுபடி ஓட்டினா பழைய வரி மாறுமா இல்லை இன்னொரு வரி சேருமா. அரைப் பக்கம் போதும். டிரைவில் வேண்டாம், லிங்க் தொலைந்துவிடும்.

கொரோனா காலத்தில் தன்னார்வலர்கள் நடத்திய covid19india.org-ஐ நினைச்சுப் பாருங்க. ஆரம்பத்தில் அவங்க டேட்டாவில் ஒரு வரி ஒரு நோயாளி. 2020 ஏப்ரல் கடைசியில் தொற்று பெருகியதும், ஒரு வரியே ஒரு மாவட்டத்தின் எண்ணிக்கை என்று மாறியது. வரிகளை எண்ணிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட் அப்போதும் ஓடும், ஆனால் விடை தப்பு. காப்பாற்றுவது அந்த மாற்றத்தைச் சொல்லும் குறிப்பு மட்டுமே. 2021 அக்டோபர் 31-ஓடு அவங்க அப்டேட் நின்றது. இன்று அந்த டேட்டாவை எடுப்பவருக்கும் அந்தக் குறிப்புதான் துணை.

நேரம் இல்லைன்னு சொல்வீங்க. பத்து நிமிஷ வேலை. காரணம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே எழுதிடுங்க. நீங்க கேம்பஸை விட்டுப் போன பிறகு அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.