இரண்டும் ஜீரோ பேலன்ஸ்தானா?



படிப்பை முடித்து முதன்முதலாக மாதச் சம்பளத்திற்குச் செல்லும் நம் பிள்ளைகளிடம், வேலையில் சேரும் நாளன்றே ஒரு வங்கிப் படிவம் நீட்டப்படுகிறது. "சம்பளக் கணக்கு, ஜீரோ பேலன்ஸ்தான், கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார்கள். பிள்ளை போட்டுவிடுகிறது. வீட்டில் எவரும் அதைப் படித்துப் பார்ப்பதில்லை. வட்டியைப் பற்றி ஜும்ஆ பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆயினும் வட்டி நம் வீட்டிற்குள் நுழையும் அந்தப் படிவத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

இதைக் குறித்துச் சொல்லப்போனால் ஒரு பதில் ஆயத்தமாக இருக்கிறது. "சம்பளக் கணக்கும் சேமிப்புக் கணக்கு, அடிப்படைக் கணக்கும் சேமிப்புக் கணக்கு. இரண்டிலும் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. பிறகு இதில் என்ன வேறுபாடு? வசதி அதிகமுள்ளதை எடுத்துக்கொண்டு வட்டியை மட்டும் ஒதுக்கிவிட்டால் போதாதா?" என்பதே அது. கற்றவர்களும் இப்படிச் சொல்வதுதான் நமக்கு வியப்பளிக்கிறது. வங்கி போடும் வட்டியைப் பொறுத்தவரை அவர்கள் கூற்று சரியே. ஆனால் நம் பிள்ளை வங்கிக்குக் கட்டப்போகும் வட்டியை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

முதலில் அந்த ஜீரோவைப் பார்ப்போம். சம்பளக் கணக்கில் குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லை என்பது, மாதந்தோறும் அதில் சம்பளம் வந்து விழும்வரைதான். தொடர்ந்து சில மாதங்கள், பெரும்பாலான வங்கிகளில் மூன்று மாதங்கள், சம்பளம் வராவிட்டால் அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றப்படும். அன்றிலிருந்து சாதாரணக் கணக்கிற்குரிய சராசரி இருப்பு விதி அதற்கும் பொருந்தும். அடிப்படை சேமிப்புக் கணக்கு அப்படியன்று. வங்கிகள் அதைப் பி.எஸ்.பி.டி.ஏ. என்பார்கள். ரிசர்வ் வங்கி 2012ஆம் ஆண்டில் எல்லா வங்கிகளும் எவருக்கும் திறந்துதர வேண்டுமென்று விதித்த கணக்கு அது. அதில் குறைந்தபட்ச இருப்பு என்ற நிபந்தனையே கூடாது. வேலை இருந்தாலும் போனாலும் அந்த ஜீரோ மாறாது. சம்பளக் கணக்கின் ஜீரோ வேலைக்குச் சொந்தம். அடிப்படைக் கணக்கின் ஜீரோ ஆளுக்குச் சொந்தம்.

ஓர் உதாரணத்தால் விளக்குவோம். வாணியம்பாடியைச் சேர்ந்த தம்பி ஒருவர் ஆம்பூரில் ஒரு காலணி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு உதவியாளராகச் சேர்கிறார் என்று கொள்வோம். கைக்கு வருவது 18,000 ரூபாய். நிறுவனம் காட்டிய தனியார் வங்கியில் சம்பளக் கணக்கு. எட்டாம் மாதம் சென்னையில் வேறு வேலை, வேறு வங்கி. பழைய கணக்கில் 3,200 ரூபாயை "அவசரத்திற்கு இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார். மூன்று மாதங்கள் கழித்து அது சாதாரணக் கணக்காகிவிட்டது. அவ்வங்கி கேட்கும் சராசரி இருப்பு 10,000 ரூபாய். குறையும் தொகையில் நூற்றுக்கு ஆறு ரூபாய் கட்டணம், அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மாதம் குறைவு 6,800 ரூபாய். கட்டணம் 408, வரியோடு ஏறத்தாழ 481 ரூபாய். கழித்தபின் மீதி 2,719. அடுத்த மாதம் குறைவு கூடிவிட்டதால் கட்டணமும் கூடி 516 ஆகிறது. மூன்றாம் மாதம் 552. மூன்றே மாதத்தில் 1,549 ரூபாய் போய்விட்டது. ஆறாம் மாதத்தில் கணக்கு காலி. இந்தக் கட்டணத்தால் இருப்பு சுழியத்திற்குக் கீழே போகக் கூடாதென்றும், குறைவை முன்கூட்டியே அறிவித்து ஒரு மாத அவகாசம் தர வேண்டுமென்றும் ரிசர்வ் வங்கியின் விதி 2015 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் தம்பி சென்னைக்குப் போனதும் சிம் கார்டை மாற்றிவிட்டார். அறிவிப்பு பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதற்கும் ஒரு சமாதானம் சொல்வார்கள்: "அந்தக் கட்டணத்தை வங்கி போட்ட வட்டியில் கழித்துக்கொள்ளலாமே." தன் தலையில் விழுந்த கட்டணத்தை வட்டிப் பணத்தால் அடைத்தவர் வட்டியால் பயனடைந்தவரே என்பது நம் கருத்து. அத்துடன், 3,200 ரூபாய்க்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காடு என்றாலும் வட்டி 80 ரூபாய்தான். அதைக் கொண்டு எதைக் கழிப்பது?

கட்டணம் பணத்தைத்தான் கொண்டுபோகிறது. நம் கவலை அதைவிடப் பெரியது. ஐந்தாறு சம்பளங்கள் ஒழுங்காக வந்துவிட்டால், சம்பளக் கணக்குள்ள பிள்ளையின் கைப்பேசிக்குச் செய்திகள் வரத் தொடங்குகின்றன: முன் அனுமதிக்கப்பட்ட தனிநபர் கடன், கடன் அட்டை, சம்பளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்குவரை ஓவர்டிராஃப்ட். இவை தற்செயலாக வருபவை அல்ல. மாதத்தின் எந்த நாளில் எவ்வளவு பணம் வருகிறது என்பதை வங்கி கண்ணெதிரே பார்க்கிறது. தவணையை அதிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம். சம்பளக் கணக்கை இலவசமாகத் தருவதற்குரிய வணிகக் காரணங்களுள் இதுவும் ஒன்று. இவற்றுள் ஓவர்டிராஃப்ட்தான் மிகவும் மறைவானது. கடன் வாங்குகிறோம் என்ற உணர்வே அதில் எழுவதில்லை. இருப்பு முடிந்த பின்னரும் அட்டை வேலை செய்கிறது, அவ்வளவுதான். மாதம் 25ஆம் தேதி 2,000 ரூபாய் எடுத்த பிள்ளை, சம்பளம் வந்ததும் 2,000 ரூபாயோடு சில ரூபாய் வட்டியும் கட்டுகிறது. தொகை சிறிதென்று சிரிப்பவர்கள், அல்பகரா அத்தியாயத்தின் 275 முதல் 279 வரையுள்ள வசனங்களைத் திறந்து, அங்கே சிறு தொகைக்கு விலக்கு உண்டா என்று பார்க்கட்டும்.

சலுகைகளைப் பற்றியும் ஒரு சொல். வங்கியில் நாம் வைக்கும் பணம், ஃபிக்ஹின் பார்வையில் பெரும்பாலும் கர்ளு, அதாவது நாம் வங்கிக்குக் கொடுத்த கடன் என்றே ஆலிம்கள் கணிக்கிறார்கள். கடனுக்கு நிபந்தனையாக வரும் ஆதாயத்தைப் பற்றிய சட்டம் மதரஸாவில் ஓதிய எவருக்கும் தெரியும். காசோலை, அட்டை போன்றவை அந்தப் பணத்தைக் கையாளும் கருவிகள். அவற்றில் நமக்கு ஐயமில்லை. சம்பளக் கணக்கோடு சேர்த்துத் தரும் விபத்துக் காப்பீடு, கடைத் தள்ளுபடி ஆகியவை அப்படிப்பட்டவையா? ஹராம் என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை, சந்தேகத்திற்குரியவை என்கிறோம். சந்தேகத்திற்குரிய ஒன்றை, ஒரு கணக்கைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணமாகக் காட்டுவதைத்தான் மறுக்கிறோம். ("வட்டியே இல்லாத நடப்புக் கணக்கு இருக்கிறதே" என்பவர்களுக்கு: உண்மை. ஆனால் அது வணிகர்களுக்கானது. அதற்குக் கேட்கும் இருப்பு, முதல் சம்பளக்காரரால் பெரும்பாலும் வைக்க இயலாதது.)

அடிப்படைக் கணக்கில் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. மாதத்தில் நான்கு முறை பணம் எடுப்பதற்குத்தான் கட்டணமில்லை என்ற உறுதி உண்டு. ஏ.டி.எம்.மில் எடுப்பதும் இந்த நான்கில் சேரும். வாரம் ஒருமுறை எடுத்துச் செலவழிக்கப் பழகியவருக்கு இது போதும். நாளுக்கொரு முறை 200 ரூபாய் எடுப்பவருக்குப் போதாது. யு.பி.ஐ. வழியாகச் செலுத்துவதையும் இந்த நான்கில் சேர்த்து, அதற்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் 17 ரூபாய் 70 காசு பிடித்த வழக்கமும் முன்பு இருந்தது. டிஜிட்டல் வழியில் செலுத்துவதை நான்கில் சேர்க்கக் கூடாதென்று 2025 டிசம்பரில் ரிசர்வ் வங்கி விதியைத் திருத்தியிருக்கிறது. எனினும் கணக்குத் திறக்கும்போது கிளையில் இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

இன்னொரு சிக்கல் நம் குடும்பங்களுக்கே உரியது. சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகைக்காகப் பள்ளி நாள்களில் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு நம் பிள்ளைகள் பலரிடம் இருக்கிறது. "அதிலேயே சம்பளம் வரட்டுமே" என்று தோன்றும். தாராளமாக வரட்டும், ஆனால் அது முழு ஆவணங்களோடு திறந்ததா என்று முதலில் பாருங்கள். முழு ஆவணங்களின்றித் திறந்ததாயின் அது "சிறு கணக்கு" வகை. அதில் ஓர் ஆண்டில் மொத்தமாக ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல் வரவு வைக்க இயலாது. எந்நேரமும் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவும் முடியாது. நம் தம்பியின் 18,000 ரூபாய் சம்பளம் ஆறாம் மாதத்திலேயே இந்த வரம்பைத் தாண்டிவிடும். அதன்பின் வரும் சம்பளம் வரவாகாமல் திரும்பினால், அவர் நிறுவனத்தைக் குறைசொல்வார். நிறுவனம் வங்கியைக் குறைசொல்லும். ஆதார், பான் அட்டைகளுடன் கிளைக்குச் சென்று கே.ஒய்.சி.யை முழுமையாக்கிவிட்டால் இந்த வரம்புகள் நீங்கும். அதன் பிறகும் அது அடிப்படைக் கணக்காகவே நீடிக்கும்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். முதல் சம்பளம் வாங்கும் பிள்ளை, முழு கே.ஒய்.சி. உள்ள அடிப்படைக் கணக்கின் எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் நிறுவனத்திடம் கொடுத்து, சம்பளத்தை அதில் போடும்படி கேட்கட்டும். சம்பளத்தைத் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தலாம் என்று 2017ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத் திருத்தம் கூறியது; இன்ன வங்கியில்தான் கணக்கு இருக்க வேண்டுமென்று அது கூறவில்லை. பல நிறுவனங்கள் கேட்டால் ஒப்புக்கொள்ளும். கேட்பதற்கே கூச்சப்படுகிறோம் என்பதுதான் குறை.

நிறுவனம் மறுத்துவிட்டால் வேலையை விட வேண்டியதில்லை. சம்பளக் கணக்கைத் திறந்துகொள்ளட்டும். ஆனால் ஓவர்டிராஃப்ட், கடன் அட்டை, மிகுதிப் பணத்தைத் தானாக வைப்புநிதிக்கு மாற்றும் ஆட்டோ ஸ்வீப் ஆகிய மூன்றும் வேண்டாம் என்று கிளை மேலாளருக்கு எழுத்து மூலம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளட்டும். படிவத்தில் முன்கூட்டியே குறியிட்டிருக்கும் சம்மதக் கட்டங்களை அடித்துவிட்டுக் கையெழுத்திடட்டும். சம்பளம் வந்த அன்றே செலவுக்குரிய தொகையை அடிப்படைக் கணக்கிற்கு மாற்றிவிடட்டும். அந்த அடிப்படைக் கணக்கு வேறு வங்கியில் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்: ஒரே வங்கியில் அடிப்படைக் கணக்கோடு இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள விதி இடம் தராது.

எந்தக் கணக்காயினும், மூன்று மாதத்திற்கு ஒருமுறை வங்கி வட்டி வரவு வைக்கும்போது பாஸ்புக்கில் அந்த வரியைக் கண்டுபிடித்து, அத்தொகையை நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவதே பெரும்பாலான ஆலிம்கள் காட்டும் வழி.

வேலையை விடும் நாளில், கடைசிச் சம்பளமும் நிலுவைகளும் வந்து சேர்ந்ததும், பழைய சம்பளக் கணக்கை மூடும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். ஓராண்டு நிறையாத கணக்கை மூடினால் சில வங்கிகள் கட்டணம் கேட்கும். அப்போது, அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கோ வேறு வங்கியில் அடிப்படைக் கணக்கோ இல்லாவிடில், அதை அடிப்படைக் கணக்காக மாற்றித்தரும்படி விண்ணப்பிக்கலாம். அப்படி மாற்றித்தர விதியில் இடமுண்டு. கைப்பேசி எண் மாறியிருந்தால், அந்த விண்ணப்பத்திலேயே புதிய எண்ணையும் எழுதிவிடுங்கள்.