குப்பைத்தொட்டியை அழிக்கலாமா?

போன வாரம் கூட வேலை பார்க்கும் நண்பர் நாக்பூரில் இருக்கும் தன் வீட்டை விற்க விளம்பரம் தயார் செய்தார். வீட்டு முன்னால் தெருவை எடுத்த போட்டோவில் இரண்டு இடைஞ்சல். வாசலை ஒட்டி ஒரு டெம்போ, பத்தடி தள்ளி மாநகராட்சியின் இரும்புக் குப்பைத்தொட்டி. "உனக்குத்தான் ஜிம்ப் தெரியுமே, ரெண்டையும் எடுத்துடேன்" என்றார்.

வேலை கஷ்டமில்லை. குளோன் கருவியால் பக்கத்துத் தரையை நகலெடுத்துப் பூசினால் போதும். வண்டியின் நிழலையும் மறக்காமல் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளில்லாத நிழல் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே விரிசல் இரண்டு இடத்தில் தெரிந்தாலும் மாட்டிக்கொள்வோம்.

ஆனால் டெம்போவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? அது போட்டோவில் இல்லை. நான் பூசுவது நல்ல நடைபாதை. நேரில் போய்ப் பார்த்தால் அங்கே மூடி உடைந்த சாக்கடை! அதாவது, வண்டியை அழிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு இல்லாத நடைபாதையைக் கட்டிக் கொடுத்திருப்பேன்.

இதற்கு நேர்மையான வழி இருக்கிறது. வண்டி கிளம்பினதும் அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் அடுக்கி, இரண்டாவது படத்தின் அந்தப் பகுதியை மட்டும் தெரிய விட்டாலும் சரி. தெரிவது நிஜத் தரைதான். சும்மா இரண்டாவது படத்தையே போட்டாலும் போதும்!

அதிலும் ஒரு கேள்வி மிச்சம். விருந்தாளியின் ஸ்கூட்டர் என்றால் பிரச்சினை இல்லை. இந்த டெம்போ எதிர்வீட்டுக்காரருடையது, தினமும் ராத்திரி அங்கேதான் நிற்கும். வாங்குகிறவர் கார் வைத்திருந்தால் முதல் நாளே சண்டை. படத்தில் இல்லாவிட்டாலும் வாயால் சொல்லிவிட வேண்டும்.

தொட்டி விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது நாளைக்கும் அங்கேதான் இருக்கும், வெயில் காலத்தில் நாற்றமும் இருக்கும். அழிக்கக்கூடாது.

நண்பர் விடவில்லை. "நேரில் வந்தா பார்க்கத்தானே போறாங்க?" சட்டமும் ஓரளவு அவர் பக்கம்தான். 1882ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, வாங்குகிறவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளைத்தான் விற்பவர் சொல்ல வேண்டும் என்கிறது. தெருவில் நிற்கும் தொட்டி யார் கண்ணுக்கும் தெரியும். ஆனால் என்னைப் போல வெளியூரில் இருந்துகொண்டு, படத்தை நம்பி லீவு போட்டு ரயில் ஏறி வருகிறவனுக்கு அந்தப் பிரிவு டிக்கெட் காசு தராது. வந்து பார்த்து ஏமாந்தவன், அப்புறம் பத்திரத்தையும் சந்தேகத்தோடுதான் புரட்டுவான்.

கடைசியில் காலை பத்து மணிக்கு, டெம்போ போன பிறகு எடுத்த படத்தையே போட்டோம். தொட்டி ஓரத்தில் நிற்கிறது. சாக்கடையும் தெரிகிறது. நண்பருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?