நெய்மணத்தை மட்டும் நம்பலாமா?

நோயாளியைக் காண வருவோர் பலர் மைசூர்பாகு வாங்கி வருகின்றனர். மணத்தைக் கொண்டே அது நெய்யில் செய்தது என முடிவு செய்வது சரியன்று. வனஸ்பதியிலும் நெய் வாசனையைச் சேர்க்க இயலும். வாங்குமுன் ஒரு சிறு துண்டைச் சுவைத்துப் பாருங்கள். நெய் வாயின் வெம்மையில் உருகிவிடும். வனஸ்பதி மிகுந்திருந்தால் மேலண்ணத்தில் மெழுகுபோல் படியும். சிக்கு வாடை வீசினால் அது பழைய சரக்கு. கடலைமாவும் நெய்யும் தருவது வெளிர்மஞ்சள் அல்லது இளம்பழுப்பு நிறமே. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் சாயத்தால் வருவது. சில்லறையாக விற்கும் இனிப்புத் தட்டில் எந்நாள்வரை உண்ணலாம் என்று எழுதி வைப்பது 2020 அக்டோபர் முதல் கட்டாயமாக்கப்பட்டது, அதைக் கேட்டறியுங்கள். இத்தனையும் சரியாக இருந்தாலும், நெய்யில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி, கூடவே சர்க்கரை. இதயநோயாளிக்கும் நீரிழிவு உள்ளவருக்கும் பழமே தகுந்த கையுறை என்பது என் கருத்து. அதையும் அளவறிந்தே தருக.