எலிவேஷன்: அழகா, அளவா?

வீடு கட்டுவோர் பேச்சில் ‘எலிவேஷன்’ என்பது முகப்பின் அலங்காரம். கட்டடக் கலைஞரின் மேசையில் அதே சொல் அளவைக் குறிக்கும்: பார்ப்பவரின் தொலைவும் கோணமும் கலவாமல், சுவருக்கு நேரெதிராக அளந்து வைத்த கோடுகள். கைவரைவைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்து ஒளிப்படம் போன்ற காட்சியைப் பெறுவோர், பெரும்பாலும் முதற்பொருளைப் பெற்று இரண்டாவதை இழக்கின்றனர்.

காரணம் எளியது. இக்கருவிகள் கற்றவை பெரும்பாலும் ஒளிப்படங்கள். ஒளிப்படத்தில் கோடுகள் தொலைவை நோக்கிக் குவியும். ஆகவே நேர்முகப்பைக் கொடுத்தாலும் கருவி பக்கச்சுவர் ஒன்றைக் கற்பித்துக்கொள்ளும். கதவைச் சற்றே உயர்த்தும். வரைவையே தொடக்கப்படமாகத் தந்து, மாற்றத்தின் அளவைக் கூட்டினால் கோடுகள் நகர்கின்றன. குறைத்தால் பென்சில் சாயல் போவதில்லை.

2023இல் வெளிவந்த கன்ட்ரோல்நெட் இச்சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. கோடுகளைத் தனியே பிரித்தெடுத்து, படம் உருவாகும் ஒவ்வொரு படியிலும் அது வழிகாட்டியாக நிறுத்துகிறது. ஆனால் கைவரைவுதானே என்று `Scribble` முறையைத் தேர்வது பிழை. அது கோட்டைத் தோராயக் குறிப்பாகவே கொள்ளும். நேர்கோடுகளைக் கண்டறியும் `MLSD` முறையே முகப்புக்கு ஏற்றது. வளைவு இருப்பின் அது அதைத் தவறவிடும், அப்போது `Lineart` வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. வானமும் தரையும் சேர்த்து 12 மீட்டர் அகலமும் 9.6 மீட்டர் உயரமும் அடங்கிய வரைவு. அதன் விகிதம் 5:4. தாளைச் சாய்வாகப் படமெடுத்திருந்தால் முதலில் நான்கு மூலைகளையும் நேராக்க வேண்டும். வெளியீடு 960×768 எனில் ஒரு மீட்டருக்கு 80 படப்புள்ளிகள். 2.1 மீட்டர் கதவு 168 புள்ளிகள் உயரம் இருக்க வேண்டும். 185 வந்தால் கதவு 2.3 மீட்டராகிவிட்டது. வழக்கம்போல் சதுர வெளியீட்டைத் தேர்ந்து `Just Resize` விட்டுவைத்தால் வீடே ஒடுங்கி நெடிதாகும். அழகாக இருப்பதால் யாரும் ஐயுறார்! மூல வரைவை அரைத் தெளிவில் மேலே பொருத்திப் பார்த்தால் விலகல் உடனே தெரியும்.

இதற்கும் எல்லை உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகச் சுருக்கியே கையாளுகிறது. மேற்சொன்ன அளவில் 75 மில்லிமீட்டர் தடிமனுள்ள சன்ஷேடின் விளிம்பு 6 புள்ளிகளே; ஒரு கட்டத்துக்கும் குறைவு. ஆகவே அது தடிக்கும், அல்லது மறையும். ஜன்னல் கம்பிகளின் எண்ணிக்கையை நம்பவே கூடாது.

சன்ஷேட் எவ்வளவு முன்நீள்கிறது என்பதையோ எலிவேஷன் சொல்வதேயில்லை. கருவி நிழலை ஊகித்தே தீட்டுகிறது. பழைய வரைவாளர்கள் 45 பாகை ஒளியைக் கொண்டு, 60 சென்டிமீட்டர் நீட்டத்துக்குச் சுவரில் 60 சென்டிமீட்டர் நிழல் இட்டனர். அந்த நிழற்கோட்டை வரைவிலேயே இட்டுக் கொடுப்பது நன்று. இல்லையேல் வீட்டுக்காரர் காட்சியில் கண்ட ஆழத்தைக் கொத்தனாரிடம் கேட்பார். வரைபடத்தில் அதற்கு எண் இராது.