பங்கு எழுதாத பத்திரம்

டிரஸ்டியின் கைக்கு வரும் பணம் அவருடையதன்று. பிறர் பொருட்டு அவர் காத்து நிற்பது. அவ்வாறாயின் அதற்கு வருமான வரி செலுத்த வேண்டியவர் யார்? காப்பவரா, பயன் பெறுபவரா? 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இதற்குத் தந்த விடை, பத்திரத்தில் பங்கு எழுதப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. 2025இல் இயற்றப்பட்ட புதிய சட்டமும் இக்கொள்கையைக் கைவிடவில்லை.

நம் சத்தியமங்கலத்தில் ஒரு பெரியவர் சில கடைகளை டிரஸ்டாக எழுதி வைக்கிறார் என்று கொள்வோம். கழிவுகள் போக ஆண்டு வாடகை வருமானம் 6 லட்சம் ரூபாய். பயனாளிகள் வயது வந்த பேரப் பிள்ளைகள் மூவர். மூத்தவன் நல்ல உத்தியோகத்தில் 20 விழுக்காடு வரி கட்டுபவன். அடுத்தவள் கல்லூரி மாணவி. இளையவன் உழைக்க இயலாத உடற்குறை உள்ளவன்.

‘மூவருக்கும் சமபங்கு’ என்று பத்திரம் சொன்னால், டிரஸ்டியிடம் வரி வாங்கினாலும் ஒவ்வொரு பங்குக்கும் உரியவரின் நிலைப்படியே கணக்கு. மூத்தவனின் 2 லட்சத்துக்கு 40,000 ரூபாய். 2025–26இல் புதிய வரிமுறைப்படி 4 லட்சம் வரை வரி இல்லையாதலால், வேறு வருமானமற்ற மற்ற இருவருக்கும் வரி இல்லை.

‘தேவையறிந்து டிரஸ்டி விருப்பப்படி கொடுக்கலாம்’ என்று எழுதினாலோ, முழுத் தொகைக்கும் உச்ச விகிதம். 30 விழுக்காடு என்றாலே 1,80,000 ரூபாய். அதன்மேல் செஸ் வேறு. மூவருக்குமே வேறு வரிக்குரிய வருமானமும் வேறு டிரஸ்டில் பயனும் இல்லாவிடில் இக்கடுமை இல்லை. ஆனால் இங்கே மூத்தவனின் சம்பளம் அந்த வாயிலை அடைத்துவிடுகிறது. பணத்தை அந்த ஆண்டிலேயே பங்கிட்டுக் கொடுத்தால், பயனாளியிடம் வரி விதிக்கும் உரிமையும் துறைக்கு உண்டு என்று கமலினி கட்டாவ் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் யாரிடம் விதிப்பது என்னும் தெரிவு துறையினுடையது, நம்முடையதன்று.

இக்கடுமைக்குக் காரணம் உண்டு. பங்கு குறிக்காத டிரஸ்டுகள் பலவற்றை ஏற்படுத்தி, வருமானத்தைச் சிதறடித்து, குறைந்த விகிதத்தில் வரி கட்டிவந்தவர்களைத் தடுக்கவே 1970இல் இவ்விதி இறுக்கப்பட்டது. அது நியாயமே.

ஆனால் நம் பெரியவர் பங்கு எழுதத் தயங்குவது வரிக்காக அன்று. இளையவனின் மருத்துவத்துக்கு ஓராண்டு 50,000 ஆகலாம். மறு ஆண்டு 4 லட்சம் ஆகலாம். சமபங்கு எழுதினால் அவனுக்கு 2 லட்சத்துக்கு மேல் கிடைக்காது. உயில் மூலம் ஏற்படுத்தினால், அது அவர் உயிலால் ஏற்படும் ஒரே டிரஸ்டாக இருக்கும்வரை, உச்ச விகிதம் விலகிச் சாதாரணப் படிநிலை விகிதம் பொருந்தும். ஆனால் உயில் அவர் மறைந்த பின்னரே பேசும்!

தம்மைச் சார்ந்த உறவினருக்காக உயிருடன் இருக்கும்போதே நல்லெண்ணத்துடன் எழுதிய டிரஸ்டுகளுக்கும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளித்தது. ஆனால் 1970 மார்ச் 1க்கு முன் எழுதியவற்றுக்கு மட்டும். உடற்குறையுள்ளவர் பயனாளியாக உள்ள குடும்ப டிரஸ்டுகளுக்கேனும் அந்தத் தேதி வரம்பை நீக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஏய்ப்பவனுக்கு விரித்த வலையில் காப்பவன் சிக்கலாகாது. அதுவரை, பத்திரம் எழுதுமுன் அந்த ஒரு வரியைப் பெரியவர்களுக்குப் படித்துச் சொல்வது வணிகவியல் பயிலும் நம் கடமையாகும்.