பஸ்ஸா, ஹாஸ்டலா? ஒரு வருஷக் கணக்கு

கல்லூரியில் இடம் கிடைத்த சந்தோஷம் அடங்குவதற்குள் அடுத்த கவலை வந்துவிடுகிறது. பெண்ணை தினம் பஸ்ஸில் அனுப்புவதா, ஹாஸ்டலில் விடுவதா? என் தங்கையும் அப்படித்தான் ஒரு நாள் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, ஹாஸ்டலுக்கு 85,000 கேக்கறாங்க. பஸ்ஸுல போனா பணம் மிச்சம்தானே?" என்றாள். பஸ் பயணம் மலிவு என்பதில் சந்தேகமில்லை. எவ்வளவு மலிவு என்றுதான் நானும் அவளும் ஒரு பழைய டைரியின் பின் பக்கத்தில் எழுதிப் பார்த்தோம்.

அவர்கள் வீடு கும்பகோணத்தில். கல்லூரி தஞ்சாவூரைத் தாண்டி, வல்லம் போகும் சாலையில். ஆறரைக்கு வீட்டை விட்டால் பஸ் ஸ்டாண்டுக்கு நடை, தஞ்சாவூர் பஸ், அங்கே இறங்கிக் காத்திருந்து டவுன் பஸ் என்று ஒன்பதுக்குத்தான் வகுப்பு. போக வர 5 மணி நேரம். வாரத்தில் 5 நாள், வருஷத்தில் 36 வாரம் என்றால் 180 நாள், 900 மணி நேரம்! இந்த இடத்தில் தங்கை பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

செலவு என்று பார்த்தால், 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் ஊர் விட்டு ஊர் போகிற பஸ்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை. போக வர 70 ரூபாய், சாயந்திரம் டீ, பன்னுக்கு 20 ரூபாய் என்று வைத்தோம். நாளைக்கு 90, வருஷத்துக்கு 16,200.

ஹாஸ்டலுக்கு அறை வாடகையும் மெஸ்ஸும் சேர்த்து 85,000. சோப்பு, நொறுக்குத் தீனி 6,000. வாரா வாரம் வந்து போக 2,520. மொத்தம் 93,520. வீட்டில் இருந்தாலும் சாப்பிடத்தானே போகிறாள் என்று நாளைக்கு 70 ரூபாய் வீதம் 12,600 கழித்தோம். மீதி 80,920. பஸ் செலவைவிட 64,720 ரூபாய் அதிகம்.

ஆனால் ஹாஸ்டல் பெண்ணும் வாரம் ஒருமுறை அந்த 5 மணி நேரத்தைப் பயணத்தில் விடுகிறாள். அந்த 180 மணி நேரம் போக, மிச்சமாவது 720. வகுத்துப் பார்த்தால், ஒரு மணி நேரத்தை சுமார் 90 ரூபாய் கொடுத்து வாங்குகிறோம்! உங்கள் ஊர்த் தூரத்தையும் ஃபீஸையும் போட்டு நீங்களும் வகுத்துப் பாருங்கள். அரை மணிப் பயணம் உள்ள வீட்டில் இந்த விலை எங்கேயோ ஏறிவிடும். அவர்கள் ஹாஸ்டலை யோசிக்கவே வேண்டாம்.

தங்கை 90 ரூபாய் அதிகம் என்று நினைத்தாள். காலையில் பஸ் கிளம்பும் இடத்திலேயே ஏறுவதால் உட்கார இடம் கிடைக்கும், படித்துக்கொண்டே போகலாம் என்பது அவள் எண்ணம். முதல் வருஷம் பஸ்தான் என்று முடிவாயிற்று. காலையில் இடம் கிடைத்தது என்னவோ நிஜம். உட்கார்ந்ததும் பெண் தூங்கிவிடுவாள். சாயந்திரம் பாதி வழி நின்றுகொண்டே வருவாள்.

நாங்கள் கணக்கில் சேர்க்காதது ஒன்று உண்டு. தண்ணீர். வழியில் கழிப்பறைக்குப் போக முடியாது என்று பயந்து, காலையில் ஒரு வாய் காபியோடு சரி, கொண்டுபோன தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வரும். மூன்றாம் மாதம் அடிவயிற்றில் வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், லேசாக ஜுரம். தொற்று என்றார் டாக்டர். தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் வைத்தால் கிருமிகள் பெருக வசதியாகிவிடும் என்று விளக்கி, மாத்திரையை முழுசாக முடிக்கச் சொன்னார். "வெக்கமா இருந்துச்சு பெரியம்மா, அதான் சொல்லல" என்று அழுதது குழந்தை. தினம் பஸ்ஸில் போகும் பெண் இருக்கும் வீடுகளில், சாயந்திரம் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் கேளுங்கள். கல்லூரிக்குப் போனதும் ஒருமுறை, கிளம்புமுன் ஒருமுறை போய்வரும் வழக்கம் இருந்தால், நடுவில் தாராளமாகத் தண்ணீர் குடிக்கலாம்.

இரண்டாம் வருஷம் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். அங்கேயும் ஒரு பாடம். வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஓடி வந்தாளே, அந்த இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு கழியவில்லை. முன்கூட்டி எழுதிக் கொடுத்து, தொடர்ந்து சில நாள் லீவில் இருந்தால்தான் மெஸ் பில்லில் குறைப்பார்களாம். பல ஹாஸ்டல்களில் இப்படித்தான். பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. அதோடு, ஞாயிறு சாயந்திரம் தஞ்சாவூர் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. முகூர்த்த நாளென்றால் கேட்கவே வேண்டாம். திங்கள் விடியற்காலை கிளம்பிப் பார்த்தாள். பழையபடி ஐந்து மணிக்கு அலாரம்!

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறாள். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டதும் கிளம்பிவிடுகிறாள். வரும்போது அழுக்குத் துணி மூட்டை மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது என்று தங்கைக்கு ஒரே புலம்பல்.